எண்கள் நெருங்கிய பத்தியை அட்டவணையாக்கிய பிறகு உரைநடையில் எதை எழுதுவது?

மலைச்சாரல் (வண்டிப்பெரியாறு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகசாலையின் ஆண்டு மலருக்காக, எல்லையின் இரு பக்கத்து மாவட்டங்களிலும் பத்தாண்டுகளில் மக்கள் தொகை எப்படி மாறியது என்று ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அதன் நடுப்பத்தி இப்படி இருக்கிறது:

> 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 11,29,221 ஆக இருந்த இடுக்கி மாவட்டத்தின் மக்கள் தொகை 2011இல் 11,07,453 ஆகக் குறைந்தது, இது 1.79 விழுக்காடு வீழ்ச்சியாகும். பாலக்காட்டின் மக்கள் தொகை 26,17,482இலிருந்து 28,09,934 ஆக, அதாவது 7.35 விழுக்காடு உயர்ந்தது. தேனி மாவட்டத்தில் 10,93,950 ஆக இருந்தது 12,45,899 ஆகி, 13.89 விழுக்காடு கூடியது. 2011இல் எழுத்தறிவு இடுக்கியில் 91.99, பாலக்காட்டில் 89.31, தேனியில் 77.26 விழுக்காடாக இருந்தது.

மலரின் பொறுப்பாளர் இதைப் படித்துவிட்டு, எண்களை அட்டவணையில் போடச் சொன்னார். நானும் போட்டேன்:

| | இடுக்கி | பாலக்காடு | தேனி |
|---|---:|---:|---:|
| 2001 | 11,29,221 | 26,17,482 | 10,93,950 |
| 2011 | 11,07,453 | 28,09,934 | 12,45,899 |
| மாற்றம் % | −1.79 | 7.35 | 13.89 |
| எழுத்தறிவு % | 91.99 | 89.31 | 77.26 |

ஆனால் அட்டவணைக்குக் கீழே எழுத உட்கார்ந்தபோது, "மேற்கண்ட அட்டவணையின்படி இடுக்கியின் மக்கள் தொகை 11,29,221இலிருந்து" என்றுதான் மறுபடியும் கை ஓடுகிறது. ஒரே செய்தியை இரண்டு முறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. உரைநடையை முழுவதும் நீக்கிவிட்டாலோ அட்டவணை அந்தரத்தில் நிற்கிறது. இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஏலத்தோட்டம் (நெடுங்கண்டம்)

கைப்பேசியிலேயே அட்டவணை போடலாம் அக்கா, கணினி தேவையில்லை. நான் எங்கள் தோட்டத்துக் கணக்கை அப்படித்தான் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஒவ்வோர் எடுப்பு முடிந்ததும் நோட்டில், "இன்று இத்தனை கிலோ பச்சைக் காய், உலர்ந்து வந்தது இத்தனை கிலோ" என்று வரியாக எழுதி வைப்பேன். பிறகு தேதி, பச்சைக் காய் எடை, உலர் காய் எடை என மூன்று வரிசை போட்டேன். நான்காவதாக, ஒரு கிலோ உலர் காய்க்கு எத்தனை கிலோ பச்சைக் காய் ஆனது என்றும் ஒரு வரிசை சேர்த்தேன். எங்களுக்கு வழக்கமாக ஐந்து கிலோவுக்குச் சற்று முன்பின்னாக வரும். ஒரே ஓர் எடுப்பில் மட்டும் ஆறைத் தாண்டியிருந்தது. விசாரித்தபோது, பழுக்காத பிஞ்சையும் சேர்த்துப் பறித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நோட்டில் அது இரண்டு மாதமாக எழுதப்பட்டே கிடந்தது, என் கண்ணில் படவில்லை.

மலைச்சாரல்

நன்றி தம்பி. அட்டவணை போடுவது எப்படி என்பதன்று என் கேள்வி. போட்ட பின் அதனருகில் எதை எழுதுவது என்பதே. ஆனால் உங்கள் நான்காவது வரிசையைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

சித்தூர்ப்புழை (பாலக்காடு, சித்தூர்)

பணியில் இருந்த காலம் முழுவதும் புள்ளிவிவர அறிக்கைகளைத் திருத்திக் கழித்தவன் என்ற முறையில், உரைநடைக்கு வரும் முன் ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும், அம்மா. உங்கள் இடுக்கி எண்களை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 11,29,221இலிருந்து 11,07,453ஐக் கழித்தால் 21,768 வரும். அதை 11,29,221ஆல் வகுத்தால் 1.93 விழுக்காடு கிடைக்கும். நீங்கள் எழுதியிருப்பதோ 1.79. இரண்டும் ஒரே வரியில் இருக்க முடியாது.

இது எப்படி நேர்ந்தது என்பதை என்னால் சொல்ல முடியும். 2011 கணக்கெடுப்பில் முதலில் தற்காலிக எண்கள் வெளிவந்தன. இறுதி எண்கள் பின்னர் வந்தன. இடுக்கிக்குத் தற்காலிக எண் 11,07,453, இறுதி எண் 11,08,974. இறுதி எண்ணை வைத்துக் கணக்கிட்டால் குறைவு 20,247 ஆகும்; அதுதான் 1.79 விழுக்காடு. நீங்கள் மக்கள் தொகையை ஓரிடத்திலிருந்தும் விழுக்காட்டை வேறோர் இடத்திலிருந்தும் எடுத்திருக்கிறீர்கள். பாலக்காட்டுக்கும் தேனிக்கும் நீங்கள் தந்திருப்பவை இறுதி எண்களே. பத்திக்குள் இருந்தபோது இந்தக் கலப்பு யாருக்கும் தெரிந்திருக்காது. அட்டவணையில் ஒவ்வொரு வரிசையையும் மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பது எளிது என்பதால், எந்த அட்டவணையையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் முதலில் செய்வது இதைத்தான்.

அடுத்து, அட்டவணையின் அமைப்பு. நீங்கள் மாவட்டங்களை மேலே கிடையாகவும் ஆண்டுகளைக் கீழ்நோக்கியும் வைத்திருக்கிறீர்கள். இதனால் ஒரே நெடுவரிசையில் ஆட்களின் எண்ணிக்கையும் விழுக்காடும் கலந்து கிடக்கின்றன. கண் மேலிருந்து கீழே இறங்கும்போதுதான் எண்களை எளிதில் ஒப்பிடுகிறது. இலக்கங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும்போது எது பெரிது என்று கணக்குப் போடாமலே தெரிந்துவிடும். நீங்கள் ஒப்பிட விரும்புவது மாவட்டத்தை மாவட்டத்தோடு. எனவே மாவட்டங்கள்தாம் ஒன்றின்கீழ் ஒன்றாக வர வேண்டும். அட்டவணையைத் திருப்பிப் போட்டுவிட்டு, இடுக்கியையும் தேனியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2001 என்ற வரிசையில் ஒன்றும் 2011 என்ற வரிசையில் வேறொன்றும் உங்கள் கண்ணில் படும். அது என்ன என்பதை நான் சொல்லப்போவதில்லை, ஏனெனில் உங்கள் பத்தியின் முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கு

ஐயா சொன்ன அமைப்பு சரிதான். நான் இரண்டு யோசனைகளைச் சேர்க்கிறேன். முதலாவது, இவ்வளவு இலக்கங்கள் எதற்கு? முழு லட்சமாக்கிவிடுங்கள், படிப்பவருக்கு 11 லட்சம், 26 லட்சம் என்பதே போதும். இரண்டாவது, உரைநடையில் ஓர் எண்கூட இருக்கக் கூடாது. எண்ணெல்லாம் அட்டவணையில், பொருளெல்லாம் உரைநடையில் என்று பிரித்துவிட்டால் குழப்பமே வராது. அதில் இப்படி எழுதலாம்: "மலையில் பிழைப்புக் குறைந்ததால் இடுக்கி மக்கள் தேனிக்கு இறங்கினர்; அதனால் அங்கே குறைந்தது, இங்கே கூடியது." எங்கள் தெருவிலேயே அப்படி இறங்கி வந்த குடும்பங்கள் நான்கைந்து இருக்கின்றன.

சித்தூர்ப்புழை

இலக்கங்களைக் குறைக்க வேண்டும் என்பதில் கம்பத்து நண்பரோடு எனக்கும் உடன்பாடுதான். 11,29,221 என்ற எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் இந்தக் கட்டுரையில் எந்த வேலையும் செய்யவில்லை. ஆனால் முழு லட்சமாக்கினால் இடுக்கி 2001இலும் 11, 2011இலும் 11 என்று நிற்கும். எந்தக் குறைவைச் சொல்வதற்காகக் கட்டுரை எழுதப்படுகிறதோ அந்தக் குறைவே அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். எந்த மாற்றத்தைக் காட்ட விரும்புகிறோமோ அது மறையாத இடத்தில்தான் முழுமையாக்குவதை நிறுத்த வேண்டும். இங்கே லட்சத்தில் இரண்டு தசம இலக்கம் போதும்: 11.29, 11.09.

இதிலும் ஒரு சிறு பொறி உண்டு. பாலக்காடு 26.17இலிருந்து 28.10 ஆகிறது. படிப்பவர் கழித்துப் பார்த்தால் 1.93 லட்சம் வரும். மூல எண்களைக் கழித்தால் 1,92,452, அதாவது 1.92 லட்சம். இதனால்தான் கூடுதல் எவ்வளவு என்று தனி வரிசை போடுவதாக இருந்தால், மூல எண்ணைக் கழித்துவிட்டுப் பிறகு சுருக்க வேண்டும். சுருக்கிய எண்களைக் கழிக்கக் கூடாது. அப்படிச் செய்தாலும் கடைசி இலக்கம் ஒத்துவராது என்பதால், அட்டவணையின் அடியில் "மாற்றம் முழு எண்களிலிருந்து கணக்கிடப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லாததால், எண் தவறு என்று கடிதம் வந்த அனுபவம் எனக்கு உண்டு.

இனி, மக்கள் மலையிலிருந்து இறங்கினார்கள் என்ற வாக்கியம். நண்பரின் தெருவில் அந்தக் குடும்பங்கள் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அட்டவணை சொல்வது பத்தாண்டு இடைவெளியில் இரண்டு நாட்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை மட்டுமே. குறைவான பிறப்பு, வெளிநாட்டுக்கும் வெளிமாநிலத்துக்கும் போனவர்கள், பக்கத்து மாவட்டத்துக்குப் போனவர்கள் எல்லாம் அந்த ஒரே கழித்தலுக்குள் அடங்கியிருக்கிறார்கள். எண்ணிக்கையையும் கவனியுங்கள்: இடுக்கியில் குறைந்தது ஏறக்குறைய 20 ஆயிரம், தேனியில் கூடியது ஏறக்குறைய 1 லட்சத்து 52 ஆயிரம். அங்கே குறைந்த அத்தனை பேரும் இங்கே வந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் தேனியின் உயர்வில் ஏழில் ஒரு பங்கைக்கூட அது விளக்காது.

அந்த வாக்கியத்தைச் சோதிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பக்கத்தில் அதன் மாநிலத்தின் வளர்ச்சியை எழுதிப் பாருங்கள். 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாடு 15.6 விழுக்காடும் கேரளம் 4.9 விழுக்காடும் வளர்ந்தன.

மலைச்சாரல்

ஐயா, இரவு உட்கார்ந்து திருப்பிப் போட்டேன். எழுத்தறிவை எடுத்துவிட்டேன், மக்கள் தொகை மாற்றத்தைப் பற்றிய பத்தியில் அது ஏன் வந்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, கையில் இருந்ததால் எழுதியிருக்கிறேன்.

| மாவட்டம் | 2001 (லட்சம்) | 2011 (லட்சம்) | மாவட்ட மாற்றம் % | மாநில மாற்றம் % |
|---|---:|---:|---:|---:|
| தேனி | 10.94 | 12.46 | 13.9 | 15.6 |
| இடுக்கி | 11.29 | 11.09 | −1.8 | 4.9 |
| பாலக்காடு | 26.17 | 28.10 | 7.4 | 4.9 |

நீங்கள் சொல்லாமல் விட்டதைக் கண்டுகொண்டேன். 2001இல் இடுக்கியில் தேனியைவிட 35 ஆயிரம் பேர் அதிகமாக இருந்திருக்கிறார்கள். 2011இல் தேனியில்தான் 1 லட்சத்து 37 ஆயிரம் பேர் அதிகம். இவை இரண்டும் என் பழைய பத்தியில் முதல் வாக்கியத்திலும் மூன்றாம் வாக்கியத்திலும் பிரிந்து கிடந்தன. நடுவில் பாலக்காடு நின்று மறைத்துவிட்டது. எழுதிய எனக்கே மூன்று வாரமாகத் தெரியாத செய்தி இது.

மாநில வரிசையைச் சேர்த்ததும் இன்னொன்று தெரிகிறது. தேனி வேகமாக வளர்ந்த மாவட்டம் என்று நான் எழுதவிருந்தேன். ஆனால் அது தன் மாநிலத்தைவிடச் சற்று மெதுவாகத்தான் வளர்ந்திருக்கிறது. மூன்றில் தன் மாநிலத்தை முந்தியது பாலக்காடு மட்டுமே.

கம்பம் பள்ளத்தாக்கு

தேனி மாநிலத்தைவிடக் குறைவு என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. இடுக்கியிலிருந்து திரண்டு வந்திருந்தால் மாநில அளவைத் தாண்டியிருக்க வேண்டும் என்று ஐயா சொல்ல வருகிறார் போலும். எங்கள் மாவட்டத்திலிருந்தும் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போகிறவர்கள் உண்டு. அதனால் வருவதும் போவதும் ஒன்றையொன்று மறைத்திருக்கலாம் அல்லவா? என் கருத்தை முழுவதும் கைவிட எனக்கு மனமில்லை. ஆனால் இந்த அட்டவணையின் பேரில் அதை எழுத முடியாது என்பதை ஏற்கிறேன்.

சித்தூர்ப்புழை

நீங்கள் சொல்வது நடந்திருக்கவும் கூடும். அதைக் காட்டுவதற்குக் கணக்கெடுப்பின் இடப்பெயர்ச்சி அட்டவணைகள் வேண்டும். இந்த ஐந்து நெடுவரிசைகள் போதா. அம்மா, அந்தக் காரணத்தைச் சொல்ல விரும்பினால், எண்ணிலிருந்து வந்தது எது, ஊரில் கேட்டது எது என்று தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். "ஆகவே" என்ற சொல்லால் இரண்டையும் கட்டிவிடாதீர்கள்.

இப்போது பத்தியை எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடுமா என்று கேளுங்கள். தெரிந்துவிடும் என்றால் அந்த வாக்கியம் அட்டவணையின் எதிரொலி, அடித்துவிடலாம். இரண்டு கட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால், அது உரைநடையில் இருக்க வேண்டிய வாக்கியம்.

நகரி வாசகர் (சித்தூர் மாவட்டம், ஆந்திரம்)

பேச்சுக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மேலே பாலக்காட்டுச் சித்தூர். நான் ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மலர் வெளியீட்டு விழாவில் கட்டுரையை மேடையில் படிப்பீர்களா? எங்கள் தமிழ்ச் சங்கத்தில் படிப்பது வழக்கம். போன முறை ஒருவர் தம் கட்டுரையில் எல்லா எண்களையும் அட்டவணைக்குள் வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும், "இங்கே ஓர் அட்டவணை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தாண்டினார். அதற்குப் பின்வந்த பத்தி, "மேலே கண்டது போல" என்று தொடங்கியது. அவையில் இருந்த யாரும் எதையும் காணவில்லை. கண் மங்கிய என் தந்தைக்கு மலரையும் நான்தான் படித்துக்காட்டுகிறேன்; அவருக்கு அட்டவணை என்பது இல்லாத ஒன்று. எனவே உரைநடையில் ஓர் எண்கூட வேண்டாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

மலைச்சாரல்

நான் எண்ணிப் பார்க்காத பக்கம் இது, நன்றி. எங்கள் விழாவிலும் படிப்பார்கள். உங்கள் அனைவரின் சொல்லையும் வைத்து எழுதிய பத்தி இது:

> நூற்றாண்டின் தொடக்கத்தில் இடுக்கியில் தேனியைவிட 35 ஆயிரம் பேர் கூடுதலாக வாழ்ந்தனர். பத்தே ஆண்டுகளில் அந்த நிலை தலைகீழாகி, தேனி 1 லட்சத்து 37 ஆயிரம் பேரால் முந்திவிட்டது. ஆனால் இந்த மாற்றத்தைத் தேனியின் அசாதாரண வளர்ச்சி என்று கொள்வதற்கில்லை, ஏனெனில் அம்மாவட்டம் தமிழ்நாட்டின் பொதுவான வேகத்தைக்கூட எட்டவில்லை. தன் மாநிலத்தின் போக்கிலிருந்து வெகுவாக விலகி நின்றது இடுக்கிதான்: கேரளம் மெதுவாகவேனும் வளர்ந்துகொண்டிருந்தபோது அது சுருங்கியது; அந்தப் பத்தாண்டில் கேரளத்தில் மக்கள் தொகை குறைந்த மாவட்டங்கள் பத்தனம்திட்டாவும் இடுக்கியும் மட்டுமே. அதே கேரளத்தின் பாலக்காடு மாநிலத்தைவிட வேகமாக வளர்ந்திருப்பதால், எல்லையோரம் என்ற ஒன்றையே காரணமாகச் சொல்லவும் இயலாது.

முதல் இரண்டு வாக்கியங்களின் எண்களும் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை; கழித்துத்தான் பெற வேண்டும். கேட்பவர்களுக்கும் அவை போதும் என்று நினைக்கிறேன்.

சித்தூர்ப்புழை

மிக நன்றாக வந்திருக்கிறது. கடைசி வாக்கியத்தைப் படித்தபோது, பாலக்காட்டை அட்டவணையில் வைத்ததற்கு இப்போதுதான் ஒரு காரணம் கிடைத்தது என்று தோன்றியது. "அசாதாரண" என்ற சொல்லை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்; "தனிப்பட்ட" என்றாலே போதும்.

இரண்டு சிறு திருத்தங்கள். ஒன்று, வரிசை முறை: மாவட்ட மாற்றத்தின்படி தேனி, பாலக்காடு, இடுக்கி என்று அடுக்குவது என் பழக்கம். ஆனால் உங்கள் பத்தி தேனி–இடுக்கி ஒப்பீட்டில் தொடங்குவதால், அவை அடுத்தடுத்து இருப்பதை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். மற்றொன்று, அடிக்குறிப்பில் 2011இன் எண்கள் இறுதி எண்கள் என்று எழுதுங்கள்; தற்காலிக எண்களை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

ஏலத்தோட்டம்

அக்கா, 1991ஐயும் ஒரு வரிசையாகச் சேர்த்தால் இன்னும் தெளிவாக இருக்காதா? இருபதாண்டுப் போக்குத் தெரியுமே.

சித்தூர்ப்புழை

தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்ததே 1990களில்தான், தம்பி. 1991க்கு அந்த எல்லைக்குள் இருந்த ஊர்களைக் கூட்டிப் பெற்ற எண்ணைத்தான் போட வேண்டும்; போட்டால் அதையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு வரிசைக்காக இரண்டு அடிக்குறிப்புகள் எழுத வேண்டிவரும்போது, அந்த வரிசை நம் கேள்விக்குத் தேவையா என்று நான் கேட்பேன்.

நகரி வாசகர்

பத்தி நன்றாக இருக்கிறது. ஆனாலும் கேட்பவர் பக்கத்திலிருந்து ஒரு குறை: மாவட்டத்தின் மொத்த அளவு பத்து லட்சமா, ஐம்பது லட்சமா என்று தெரியாமல் 35 ஆயிரம் என்பது பெரிதா சிறிதா என்று என் தந்தையால் சொல்ல முடியவில்லை. நேற்று இரவு படித்துக்காட்டினேன், அவர் கேட்ட முதல் கேள்வியே, "மொத்தம் எத்தனை பேர்?" என்பதுதான். "தலா ஏறக்குறைய 11 லட்சம் பேர் வாழ்ந்த இரு மாவட்டங்களில்" என்று தொடங்கினால் என்ன?

கம்பம் பள்ளத்தாக்கு

அது அட்டவணையில் இருப்பதையே திரும்பச் சொல்வதாகாதா? ஒன்றை அனுமதித்தால் மற்றவையும் வந்து சேர்ந்துவிடும்.

சித்தூர்ப்புழை

இதில் எனக்கும் உறுதியான விடை இல்லை. அச்சுக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்பேன்; காதுக்கும் என்றால் அந்த ஓர் எண்ணை நானும் வைப்பேன்.

மலைச்சாரல்

மலருக்கு இப்போதுள்ள வடிவத்தையே கொடுக்கிறேன், "தனிப்பட்ட" என்ற திருத்தத்தோடு. மேடையில் படிக்கும் தாளில் மட்டும் நகரி நண்பர் சொன்னபடி 11 லட்சத்தை முன்னால் சேர்க்கிறேன். அச்சகத்தில் மலரின் பக்க அகலத்துக்கு ஐந்து நெடுவரிசைகள் அடங்குமா என்று நாளை கேட்க வேண்டும். அடங்காவிட்டால் 2001, 2011 என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு மாநில வரிசையைக் கீழே இரண்டு கிடைவரிசைகளாக, தமிழ்நாடு, கேரளம் என்று இறக்கிவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். யாராவது அப்படி அச்சிட்டிருந்தால், மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் இடையில் ஒரு கோடு போட்டீர்களா, இடைவெளி மட்டும் விட்டீர்களா என்று சொல்லுங்கள்.